நீக்கல் முறையில் வரும் ‘பிவற்’ - தமிழில் என்ன சொல்வது?

விரிவுரையாளர், வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். ஒருங்கமை சமன்பாடுகளை நீக்கல் முறையில் தீர்ப்பது பற்றித் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். நிரை, நிரல், குணகம் எல்லாம் பாடநூலிலேயே உண்டு, ‘பிவற்’ என்ற இடத்தில்தான் நிற்கிறேன். ஒரு நிரலை நீக்க எந்த உறுப்பால் வகுக்கிறோமோ அது. நெம்பில் வரும் ‘பொறுதி’யை எடுக்கலாமா?

ஏ.எல். ஆசிரியர், கொட்டாஞ்சேனை

சேர், பொறுதி என்றால் பிள்ளைகள் பௌதிகவியலுக்குப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் பூச்சியம் இருந்தால் வகுக்க முடியாது, அதனால் நிரையை மாற்றுகிறோம், அவ்வளவுதானே. ‘பூச்சியமில் உறுப்பு’ என்று வைத்தால் காரணமும் சொல்லிலேயே வந்துவிடும்.

விரிவுரையாளர், வெள்ளவத்தை

பூச்சியம் பற்றிச் சொன்னது சரி, ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதைப் பாருங்கள்:

```
0.0001x + y = 1
     x + y = 2
```

விடை இரண்டுமே 1க்கு மிகக் கிட்ட: x = 1.0001, y = 0.9999. இப்போது ஒவ்வொரு படியிலும் மூன்று பொருளுள்ள இலக்கங்களை மட்டும் வைத்துச் செய்யுங்கள். முதல் நிரையை 10000ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் -9999y = -9998 வரவேண்டும், மூன்று இலக்கத்தில் இரு பக்கமும் -10000 ஆகிவிடும். y = 1. அதை முதல் நிரையில் போட்டால் 0.0001x = 0, அதாவது x = 0. விடை முழுக்கப் பிழை.

வகுத்ததால் மட்டும் வந்த வினை இல்லை இது. இரண்டாம் நிரையில் இருந்த 1ஐயும் 2ஐயும் அந்தப் பத்தாயிரம் விழுங்கிவிட்டது. இரண்டாவது சமன்பாடு x + 3y = 5 என்று இருந்திருந்தாலும் இதே x = 0, y = 1தான் வந்திருக்கும், உண்மையில் அங்கே x கிட்டத்தட்ட 2. இரண்டு வெவ்வேறு கணக்குக்கு ஒரே விடை வருகிறதென்றால் இரண்டாம் நிரை சொன்ன செய்தி அழிந்துபோய்விட்டது என்றுதான் அர்த்தம்.

நிரைகளை மாற்றிவிட்டுத் தொடங்கினால் பெருக்கி 0.0001, இரண்டாம் நிரையில் 0.9999y = 0.9998. முழுமையாக்கினால் y = 1, பிறகு x = 1. அதே மூன்று இலக்கம்தான். நிரலில் பருமனில் பெரியதை மேலே கொண்டுவந்தால் எந்தப் பெருக்கியும் 1ஐத் தாண்டாது.

ஏ.எல். ஆசிரியர், கொட்டாஞ்சேனை

விளங்குகிறது சேர். ஆனால் மூன்று இலக்கத்தில் யார் கணக்குச் செய்கிறார்கள்? கணினியில் பதினைந்து, பதினாறு இலக்கம் இருக்கிறதே. அப்புறம், நிரையை மாற்றினால் x, y விடைகளும் இடம் மாறாதா?

மென்பொருள் வேலை, தெகிவளை

விடை மாறாது அண்ணா, சமன்பாட்டை எழுதும் வரிசைதான் மாறுகிறது. நிரலை மாற்றினால்தான் எந்த மாறி எங்கே என்று குறித்து வைக்கவேண்டும். பதினாறு இலக்கத்துக்கு இதைப் பைதனில் ஓட்டிப் பாருங்கள்:

```python
a = 1e-20
y = (2 - 1/a) / (1 - 1/a)
x = (1 - y) / a
print(x, y)   # 0.0 1.0
```

இலக்கம் கூடினால் விழும் இடம் தள்ளிப்போகும், விழுவது நிற்காது. கண்டுபிடிப்பது சுகம்: வந்த விடையை மூலச் சமன்பாட்டில் போட்டால் 0 + 1 = 2 என்று நிற்கும்.

கட்டடப் பொறியியலாளர், பம்பலப்பிட்டி

சொல் பற்றி எனக்குக் கருத்து இல்லை, ஒரு சந்தேகம் மட்டும். சட்டகங்களின் விறைப்புத் தாயத்தைத் தீர்க்க நாங்கள் பாவிக்கும் பழைய மென்பொருள் நிரையை மாற்றுவதே இல்லை. இவ்வளவு காலமும் வந்த விடைகள் பிழையா?

விரிவுரையாளர், வெள்ளவத்தை

பயப்படத் தேவையில்லை. தாங்கிகள் சரியாகக் கட்டுப்படுத்தப்பட்ட சட்டகமென்றால் அந்தத் தாயம் சமச்சீரானது, நேர்த் திட்டமானது. அந்த வகையில் நீக்கும்போது எண்கள் ஊதிப்பெருப்பதில்லை, மாற்றாமலே நம்பலாம். மாற்றினால் சமச்சீரும் பட்டை அமைப்பும் கெட்டு, நினைவகமும் நேரமும் கூடும். தாங்கி ஒன்று விடுபட்டு மூலைவிட்டத்தில் பூச்சியமோ நுண்ணிய எண்ணோ வந்தால் மாதிரியைத் திருத்துங்கள், நிரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

சொல்லுக்கு வருகிறேன். ‘பெரிய உறுப்பு’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். முதல் நிரையை 100000ஆல் பெருக்குங்கள்: 10x + 100000y = 100000. இப்போது 10தான் பெரியது, மாற்றமாட்டோம், பெருக்கியும் 0.1தான், ஆனாலும் -9999y = -9998 என்ற அதே இடத்துக்கு வந்து x = 0 ஆகிறது. தன் நிரையில் உள்ள மற்றவற்றோடு ஒப்பிட்டே சிறிதா பெரிதா என்று பார்க்கவேண்டும், ஆகவே அளவைச் சொல்லும் பெயர் வேண்டாம்.

மென்பொருள் வேலை, தெகிவளை

அப்படியென்றால் ‘ஊன்றுறுப்பு’? எதை ஊன்றி மற்றவற்றை நீக்குகிறோமோ அது. மாற்றும் செயலுக்கு ‘ஊன்றுமாற்றம்’ என்றும் வரும்.

ஏ.எல். ஆசிரியர், கொட்டாஞ்சேனை

ஊன்றுறுப்புக்கு நான் சம்மதம். ஊன்றுமாற்றம் வேண்டாம், ‘நிரைமாற்றம்’ போதும்.

விரிவுரையாளர், வெள்ளவத்தை

நிரலையும் சேர்த்து மாற்றும் முறைக்கு அது போதாதே. குறிப்பில் இப்போதைக்கு ஊன்றுறுப்பு என்று போடுகிறேன், செயலுக்கான சொல்லை இன்னும் யோசிப்போம்.