விடுபட்டவனுக்குக் காரணம் சொன்னால் கேள்வி வெளியே போய்விடுமா?

வடமராட்சியான்: நேர்முகப் பரீட்சையில் விடுபட்டவருக்கு "தெரிவாகவில்லை, நன்றி" என்ற ஒரு வரி போதும். காரணம் எழுதினால் அன்று பின்னேரமே கேள்வி யாழ்ப்பாணம் முழுக்கப் போய்விடும்.

கொக்குவில் டெவ்: அண்ணை, கேள்வி போவது மின்னஞ்சலால் இல்லை. பரீட்சை முடிந்து வெளியே வந்த பொடியன் பஸ் ஏற முதலே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவான். கையை விரித்து ஒரு வரி எழுதி என்னத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

போன கிழமை ஒரு தம்பியிடம், எல்லா வாடிக்கையாளரையும், 2024 முதல் அவர்கள் செய்த ஓடர்களோடு பட்டியலிடச் சொன்னோம். ஓடர் இல்லாதவரும் வர வேண்டும். அவர் எழுதியது:

```sql
SELECT c.name, o.id
FROM customers c
LEFT JOIN orders o ON o.customer_id = c.id
WHERE o.order_date >= '2024-01-01';
```

ஓடர் இல்லாதவருக்கு அந்தத் திகதி NULL. அதனால் `WHERE` அவரைக் கழித்துவிடும், `LEFT JOIN` போட்டும் பிரயோசனம் இல்லை. நிபந்தனையை `ON` பக்கம் கொண்டுபோயிருந்தால் சரி. கூட இருந்தவர் தாளில் "தொழில்நுட்ப அறிவு போதாது" என்று குறித்திருந்தார். அதை அனுப்பினால் தம்பி எதைப் படிப்பது? நான் இப்படி அனுப்பினேன்: "இம்முறை உங்களைத் தெரிவு செய்யவில்லை. அட்டவணைகளை இணைத்த விதம் தெளிவு. ஓடர் இல்லாதவர்கள் விடைப் பட்டியலில் இல்லை என்று காட்டிய பிறகும் காரணத்தைத் தேடாமல் வேறு கட்டளையை எழுதத் தொடங்கினீர்கள். இந்த வேலைக்குப் பிழை தேடும் பழக்கம் முக்கியம்."

வடமராட்சியான்: பார்த்தீர்களா, கேள்வியை இங்கேயே போட்டுவிட்டார்! நான் சொன்னது இதைத்தான்.

கொக்குவில் டெவ்: கேள்வியை மாற்றியாச்சு அண்ணை. வருடக்கணக்காக ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பூட்டுப் போடுவது உங்கள் கம்பனிப் பழக்கம்.

சுன்னாகம் சுகி: நான் ஆட்சேர்ப்பில் இருக்கிறேன். டெவ் எழுதியதில் முக்கியம், பொடியன் செய்ததைச் சொன்னது. "தன்னம்பிக்கை குறைவு" என்று எழுதினால் ஆளைப் பற்றிய தீர்ப்பு ஆகிவிடும், அவரும் சண்டைக்கு வருவார். ஆனால் அப்படி எழுத, பரீட்சை நடக்கும்போதே குறிப்பு எடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஞாபகத்தில் எழுதுவது முக்கால்வாசி கற்பனை. தெரிவானவரோடு ஒப்பிடவும் கூடாது. இன்னொன்று, முதலில் போன் எடுக்காதீர்கள். கம்பனி நம்பரைக் கண்டதும் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளை சந்தோஷத்தோடு எடுக்கும். முடிவை மின்னஞ்சலில் சொல்லி, விரும்பினால் பேசலாம் என்று எழுதுங்கள்.

வடமராட்சியான்: இருநூறு விண்ணப்பத்துக்கும் இப்படி எழுத உங்களுக்கு நேரம் இருக்கிறது போல.

சுன்னாகம் சுகி: இருநூறுக்கு யார் சொன்னது? நேரில் வந்து ஒரு மணித்தியாலம் இருந்தவருக்குத்தான்.

பனங்கிழங்கு: அரசாங்க வேலைக்குப் போனேன், புள்ளிகூடச் சொல்லவில்லை. 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமாம். உங்கள் கம்பனிகளிலும் போட்டுப் பார்க்கவா?

கொக்குவில் டெவ்: அது பொது அதிகார சபைகளுக்கு. சாதாரணத் தனியார் கம்பனிக்கு அந்தக் கதவு இல்லை. புள்ளி கிடைத்தாலும் என்ன? "42" என்ற இலக்கம் எதைத் திருத்தச் சொல்கிறது?

பனங்கிழங்கு: எனக்கு 42 கூடக் கிடைக்கவில்லை என்கிறேன்.

வடமராட்சியான்: விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதைக் காட்டி, "நான் சரியாகத்தான் எழுதினேன், திரும்பப் பாருங்கள்" என்று தகப்பனும் மாமாவும் வந்து நிற்பார்கள். எங்களிடம் வந்தார்கள்.

கொக்குவில் டெவ்: "தொழில்நுட்ப அறிவு போதாது" என்று எழுதியபடியால்தான் வந்தார்கள். அதை யாரும் மறுக்கலாம். அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் ஓடர் இல்லாதவர் வரமாட்டார், மாமா வந்தாலும் வரமாட்டார்! முடிவு மாறாது என்றும் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்தமுறை நிச்சயம் எடுப்போம் என்று ஆசை காட்டவும் கூடாது, அதுதான் பிறகு வாசலுக்கு ஆளைக் கொண்டுவரும்.

சுன்னாகம் சுகி: டெவ், கொஞ்சம் பொறுங்கள். இரண்டு பேர் கேட்டு இரண்டு விதமாகக் குறித்திருந்தால்? உங்கள் கூட்டாளி "அறிவு போதாது" என்றார், நீங்கள் "பிழை தேடும் பழக்கம்" என்கிறீர்கள். அந்தத் தம்பி உண்மையில் எதற்காக விடுபட்டார்?

கொக்குவில் டெவ்: என் குறிப்புத்தான் விரிவானது.

சுன்னாகம் சுகி: அது பதில் இல்லை.

வடமராட்சியான்: ஹா! தங்களுக்குள்ளேயே தெரியாது, பொடியனுக்குக் காரணம் எழுதுகிறார்களாம்.

கொக்குவில் டெவ்: உங்கள் கம்பனிக்கு வந்த என் மருமகனுக்கு அந்த ஒரு வரிகூட இன்னும் வரவில்லை அண்ணை. முதலில் அதை அனுப்புங்கள்.

வடமராட்சியான்: மருமகன் எந்தக் கேள்வியில் விட்டார் என்று இங்கே எழுதவா?

கொக்குவில் டெவ்: எழுதுங்கள் பார்ப்போம். குறிப்பு எடுத்திருந்தால்தானே!