ஹெஸ்ஸன்பர்க் ஆக்கியும் QR சுற்று வேகமாகவில்லை, எங்கே தவறு?

எண்ணோடு எழுதியது

400 × 400 அளவுள்ள, சமச்சீர் இல்லாத ஓர் அணி. அதன் ஐகன் மதிப்புகள் எல்லாமே மெய்யெண்கள் என்று முன்கூட்டியே தெரியும். நூலகத்தின் `eig` இருக்கட்டும், உள்ளே நடப்பது புரிய வேண்டும் என்பதற்காக ஷிஃப்ட் வைத்த QR முறையை நானே எழுதிப் பார்க்கிறேன். முதலில் ஹெஸ்ஸன்பர்க் வடிவத்துக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு சுற்றும் மலிவாகும் என்று எல்லாப் பாடக் குறிப்பிலும் இருக்கிறது. அதையும் செய்துவிட்டேன். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அப்படியே இருக்கிறது.

```python
H = scipy.linalg.hessenberg(A)
I = np.eye(len(H))
for it in range(maxit):
    mu = H[-1, -1]
    Q, R = np.linalg.qr(H - mu*I)
    H = R @ Q + mu*I
```

விடை சரியாகத்தான் வருகிறது. கடைசி மூலையில் ஐகன் மதிப்பு ஒழுங்காக வந்து உட்காருகிறது. ஆனால் `hessenberg` வரியை எடுத்துவிட்டு `A`-வையே நேராகக் கொடுத்தாலும் சுற்றுக்கு அதே நேரம்தான். அப்படியென்றால் ஹெஸ்ஸன்பர்க்கால் என்ன லாபம்?

வேகப்பிரியன்

ப்ரோ, ஹெஸ்ஸன்பர்க்கில் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட முழுக்கப் பூஜ்யம். `np.linalg.qr` அதைப் பார்ப்பதே இல்லை, முழு அணி வந்ததாக நினைத்து எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டிருக்கும். ஸ்பார்ஸ் அணியாக மாற்றிவிட்டு ஓட்டுங்கள். இன்னொன்று, ஹெஸ்ஸன்பர்க் ஆக்கினால் தேவைப்படும் சுற்றுகளின் எண்ணிக்கையும் குறையும், ஆக மொத்த நேரத்தில் எப்படியும் லாபம் தெரிய வேண்டும்.

பழைய ஃபோர்ட்ரான்

வேகப்பிரியன் சொன்னதில் முதல் பாதி சரி, `np.linalg.qr`-க்குப் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஸ்பார்ஸ் வேண்டாம். மேல்பாதி முழுக்க எண்கள் நிரம்பியிருக்கும்போது அதில் லாபம் வராது. சுற்றுகள் குறையும் என்பதும் சரியில்லை. எத்தனை சுற்று என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது ஷிஃப்ட். ஹெஸ்ஸன்பர்க் குறைப்பது ஒவ்வொரு சுற்றின் செலவை.

எண்ணோடு, உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். n = 400 என்றால் n³ = 6.4 கோடி. ஹவுஸ்ஹோல்டர் வழியில் R எடுக்க சுமார் 4/3 n³ கணக்கு. Q-வைத் தனியாக உருவாக்க இன்னொரு 4/3 n³. பிறகு `R @ Q`, அது சாதாரண அணிப் பெருக்கல், 2n³. கூட்டினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 கோடி. நீங்கள் உள்ளே கொடுப்பது A ஆனாலும் H ஆனாலும் இதே 30 கோடிதான், அதனால்தான் நேரம் அசையவில்லை.

ஹெஸ்ஸன்பர்க்கில் மூலைவிட்டத்துக்குக் கீழே நிரலுக்கு ஒரே ஓர் எண்தான் மிச்சம். அதை அழிக்க அடுத்தடுத்த இரண்டு நிரைகளை மட்டும் தொடும் ஒரு கிவன்ஸ் சுழற்சி போதும். மொத்தம் n−1 சுழற்சிகள். m நீளமுள்ள இரண்டு நிரைகளைச் சுழற்ற 6m கணக்கு. மேலிருந்து கீழே போகப் போக நீளம் குறைவதால் எல்லாம் சேர்ந்து 3n². அதே சுழற்சிகளை வலப்பக்கம் நிரல்களில் போட இன்னொரு 3n². ஆக 6n², உங்கள் அளவுக்கு 9.6 லட்சம். 30 கோடி எங்கே, 9.6 லட்சம் எங்கே!

ஹெஸ்ஸன்பர்க்காக மாற்றுவதற்கு ஒருமுறை ஆகும் செலவு 10/3 n³, அதாவது சுமார் 21 கோடி. உங்கள் இப்போதைய ஒரே ஒரு சுற்றைவிடக் குறைவு. முதல் சுற்றிலேயே போட்ட காசு திரும்பிவிடுகிறது.

இதெல்லாம் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. RQ திரும்பவும் ஹெஸ்ஸன்பர்க்காகவே வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த சுற்றிலேயே லாபம் போய்விடும். நல்லவேளை, அப்படித்தான் வருகிறது. R மேல்முக்கோணம். அதன்மேல் வலப்பக்கம் போடும் k-வது சுழற்சி k, k+1 நிரல்களை மட்டும் கலக்கும். அந்த இரண்டிலும் k+1-வது நிரைக்குக் கீழே எதுவும் இல்லை. கலந்த பிறகு மூலைவிட்டத்துக்குக் கீழே ஒரே ஓர் எண் முளைக்கும், அவ்வளவுதான்.

```python
def qr_step(H, mu):
    n = len(H)
    d = np.arange(n)
    H[d, d] -= mu
    G = []
    for k in range(n-1):
        r = np.hypot(H[k, k], H[k+1, k])
        c, s = (1, 0) if r == 0 else (H[k, k]/r, H[k+1, k]/r)
        M = np.array([[c, s], [-s, c]])
        H[k:k+2, k:] = M @ H[k:k+2, k:]
        H[k+1, k] = 0
        G.append(M)
    for k, M in enumerate(G):
        H[:k+2, k:k+2] = H[:k+2, k:k+2] @ M.T
    H[d, d] += mu
```

Q என்ற அணியை எங்கேயும் உருவாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சுழற்சிகளை வைத்துக்கொண்டாலே போதும்.

பாலத்தடி சிவில்

எனக்கும் இதே பிரச்சினை சார். ஒரு கட்டட அதிர்வுக் கணக்கில் 2000 × 2000 அணி, சமச்சீர். முதல் பத்து அதிர்வெண்கள் மட்டும் போதும். ஹெஸ்ஸன்பர்க் போட்டேன், மூன்று மூலைவிட்டங்கள் தவிர மற்றதெல்லாம் 1e-15 அளவில் குப்பையாக வருகிறது. என் அணி கெட்டுப்போய்விட்டதா?

பழைய ஃபோர்ட்ரான்

கெடவில்லை, அப்படித்தான் வர வேண்டும். சமச்சீர் அணிக்குக் கீழே பூஜ்யம் வந்தால் மேலேயும் வந்தாக வேண்டும், ஆகவே ஹெஸ்ஸன்பர்க் தானாகவே மும்மூலைவிட்ட வடிவமாகிவிடும். அதில் ஒரு QR சுற்றுக்கு n² கூட வேண்டாம், n-க்கு விகிதமான செலவுதான். ஆனால் பத்து மட்டும் போதும் என்றால் நீங்கள் இந்த வழிக்கே வர வேண்டியதில்லை, `eigsh` பாருங்கள். உங்கள் கேள்வியைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே இரண்டும் கலந்துவிடும்.

நிரல்நிரை

குறுக்கே ஒரு சந்தேகம். பூஜ்யம் ஆக்குவதுதான் ஆக்குகிறோம், ஹெஸ்ஸன்பர்க்கோடு ஏன் நிற்க வேண்டும்? அதே ஹவுஸ்ஹோல்டரால் மேல்முக்கோணமாகவே ஆக்கிவிட்டால் ஐகன் மதிப்புகள் மூலைவிட்டத்தில் நேராகக் கிடைத்துவிடுமே.

பழைய ஃபோர்ட்ரான்

இதற்குக் கையால் ஒரு கணக்கு போட்டால்தான் விளங்கும். இந்த அணியை எடுங்கள்:

```
4  1  2
3  2  1
4  1  3
```

முதல் நிரலில் மூலைவிட்டத்துக்குக் கீழே 3, 4. இதன் நீளம் 5. இரண்டாம் மூன்றாம் நிரைகளை மட்டும் கலக்கும் பிரதிபலிப்பு: புது இரண்டாம் நிரை = 0.6 × பழைய இரண்டு + 0.8 × பழைய மூன்று. புது மூன்றாம் நிரை = 0.8 × பழைய இரண்டு − 0.6 × பழைய மூன்று. இரண்டாம் நிரை 5, 2, 3 ஆகும், மூன்றாம் நிரை 0, 1, −1 ஆகும்.

ஐகன் மதிப்புகள் மாறாமல் இருக்க வேண்டுமானால் இடப்பக்கம் செய்ததை வலப்பக்கமும் செய்தாக வேண்டும். அதாவது இரண்டாம் மூன்றாம் நிரல்களையும் இதே போலக் கலக்க வேண்டும். முதல் நிரலைத் தொடவே இல்லை, ஆகவே நாம் சம்பாதித்த பூஜ்யம் பத்திரமாக இருக்கிறது:

```
4   2.2  -0.4
5   3.6  -0.2
0  -0.2   1.4
```

மூலைவிட்டக் கூட்டுத்தொகை முன்பும் 9, இப்போதும் 9. அணிக்கோவை முன்பும் 5, இப்போதும் 5.

இப்போது உங்கள் யோசனைப்படி அந்த 3, 4 இரண்டையும் ஒரே அடியில் அழிக்கப் பாருங்கள். அதற்கு முதல் நிரையையும் கலந்தாக வேண்டும். அப்படியானால் வலப்பக்கம் பெருக்கும்போது முதல் நிரலோடு மற்ற நிரல்களும் கலக்கும், அழித்த இடத்தில் திரும்பவும் எண்கள் வந்து நிற்கும். இது நம் சாமர்த்தியக் குறைவும் அல்ல. எந்தப் பல்லுறுப்புக் கோவைக்கும் அதன் மூலங்களையே ஐகன் மதிப்புகளாகக் கொண்ட அணி உண்டு. வர்க்கமூலம் மட்டும் எடுக்கும் முறை ஒன்று, குறித்த படிகளில் முக்கோணத்துக்குக் கொண்டுபோய்விடும் என்றால் ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கும் சூத்திரம் கிடைத்துவிடும். அது முடியாது என்று ஏபெல் 1824-லேயே காட்டிவிட்டார். குறித்த படிகளில் போகக்கூடிய கடைசி நிறுத்தம் ஹெஸ்ஸன்பர்க். அதற்கு மேல் சுற்றிச் சுற்றி நெருங்கத்தான் முடியும்.

எண்ணோடு

நன்றி ஐயா. `qr_step` போட்டுவிட்டேன். 400-க்கு லாபம் தெரிகிறது, ஆனால் நீங்கள் சொன்ன முந்நூறு மடங்கு பக்கத்தில்கூட இல்லை. 50 × 50 அணிக்குப் பழைய குறிமுறையே வேகமாக இருக்கிறது.

வேகப்பிரியன்

அது பைதான் சுழல். ஒவ்வொரு சுழற்சிக்கும் நம்பையை ஒரு தடவை கூப்பிடும் செலவே அந்தக் குட்டிப் பெருக்கலைவிட அதிகம். `np.linalg.qr` முழுக்கத் தொகுக்கப்பட்ட குறிமுறை. நம்பா போட்டுப் பாருங்கள்.

பழைய ஃபோர்ட்ரான்

இது முழுக்கச் சரி. மடங்கைப் பார்ப்பதைவிட, n-ஐ இரட்டிப்பாக்கினால் ஒரு சுற்றின் நேரம் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். எட்டு மடங்குப் பக்கம் போனால் இன்னும் எங்கேயோ n³ ஒளிந்திருக்கிறது. நான்கு மடங்கு என்றால் சரியான பாதை. இரண்டு மடங்குதான் என்றால் கூப்பிடும் செலவுதான் தெரிகிறது, கணக்கு இன்னும் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் `H[n-1, n-2]`-ஐ, அதன் அருகிலுள்ள இரண்டு மூலைவிட்ட எண்களின் அளவுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை இயந்திரத் துல்லியத்தால், சுமார் 2.2e-16, பெருக்கினால் வருவதைவிடச் சிறியதென்றால் அதைப் பூஜ்யமாக்கி, கடைசி நிரையையும் நிரலையும் விட்டுவிட்டு சிறிய அணியோடு தொடருங்கள். முழு அணியில் இதைச் செய்யக் கடைசி நிரை முழுவதையும் பார்க்க வேண்டும். ஹெஸ்ஸன்பர்க்கில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். ஐகன் மதிப்புக்குச் சில சுற்றுகள் வீதம் n மதிப்புகள், சுற்றுக்கு n² என்றால் மொத்த வேலை n³ அளவில் நின்றுவிடும். உங்கள் பழைய வழியில் அது n⁴.

எண்ணோடு

சேர்த்துவிட்டேன், இப்போது நன்றாக ஓடுகிறது. சோதனைக்காக இந்தக் குட்டி அணியையும் கொடுத்துப் பார்த்தேன்:

```
0  0  1
1  0  0
0  1  0
```

எத்தனை சுற்று விட்டாலும் ஓர் எண்கூட மாறவில்லை. இது ஏற்கெனவே ஹெஸ்ஸன்பர்க் வடிவம்தானே?

நிரல்நிரை

அதற்குச் சிக்கலெண் ஐகன் மதிப்பு இரண்டு இருக்கிறது. மெய்யெண் ஷிஃப்ட் வைத்தால் அவை பிரியாது.

பழைய ஃபோர்ட்ரான்

அது உண்மைதான், ஆனால் இங்கே காரணம் அதற்கும் முந்தியது. 1 என்ற மெய்யெண் மதிப்பும் அதில் இருக்கிறதே, அதுகூடப் பிரியவில்லை. கடைசி மூலை 0, ஆகவே ஷிஃப்ட் 0. இந்த அணி தானே செங்குத்து அணி, ஆகவே Q = H, R = அலகு அணி, RQ = பழைய H. கடைசி 2 × 2 துண்டின் ஐகன் மதிப்பை ஷிஃப்டாக எடுத்தாலும் அதுவும் 0 தான், அதே இடத்தில் நிற்கும். ஃபிரான்சிஸின் இரட்டை ஷிஃப்டும் இதில் மாட்டிக்கொள்ளும். லாபாக்கின் `dlahqr` இதற்காகவே பத்துச் சுற்று போயும் எதுவும் பிரியாவிட்டால் வேண்டுமென்றே ஒரு வேறு ஷிஃப்ட் போட்டு ஒரு தட்டு தட்டிவிடும்.

எண்ணோடு

அந்த வேறு ஷிஃப்டுக்கு எந்த எண்ணை எடுப்பது? எந்த அணி வந்தாலும் அது போதும் என்று நிரூபணம் உண்டா?

பழைய ஃபோர்ட்ரான்

பக்கத்திலுள்ள கீழ்மூலைவிட்ட எண்களின் அளவைக் கூட்டி ஒரு மாறிலியால் பெருக்கி எடுப்பார்கள், நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். நிரூபணம் என் கையில் இல்லை. யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.