திருப்பி வரைந்தால் எஸ்டரில் தடுமாறுகிறாள்

காரைக்குடியில் பிளஸ் 2 படிக்கும் என் மகள் மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறாள். முன்பு C=O ஒரு கார்பனிலும் OH வேறொரு கார்பனிலும் இருந்தால்கூட கார்பாக்சிலிக் அமிலம் என்று எழுதிவிடுவாள். இரண்டும் ஒரே கார்பனில் இருந்தால்தான் அமிலம், OH மட்டும் தனித்து நின்றால் ஆல்கஹால் என்பது இப்போது பிடிபட்டுவிட்டது. எஸ்டர்தான் சிக்கல்.

CH3OCOCH2CH3 சேர்மத்தைக் கோட்டுப்படமாகக் கொடுத்தால் புரோப்பைல் மெத்தனோயேட் என்கிறாள். சரியான விடை மெத்தில் புரோப்பனோயேட். இடப்பக்கம் இருப்பதுதான் அமிலப் பகுதி என்று மனத்தில் பதிந்துவிட்டது. சில நேரம் C=O கார்பனை எண்ணாமல் விட்டு எத்தனோயேட் ஆக்கிவிடுகிறாள்; படத்தில் அந்த இடத்தில் எழுத்து இல்லையே, வெறும் மூலைதானே!

மூலக்கூறு வாய்பாடு எழுதிப் பார்த்தோம். இரண்டு எஸ்டருக்கும் C4H8O2. பியூட்டனாயிக் அமிலத்துக்கும் அதுவே. முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையையும் ஈர்க்குச்சியையும் வைத்து அடுக்கினோம். அடுக்கும்போது சரியாகச் சொல்கிறாள், தாளுக்கு வந்தால் பழைய தவறுதான்.

படத்தை எப்படித் திருப்பி வரைந்தாலும் ஏமாறாமல் இருக்க, முதலில் C=O கார்பனைத் தேடச் சொல்வதா, நடுவில் நிற்கும் ஆக்சிஜனிலிருந்து தொடங்கச் சொல்வதா?