கருப்புக் கட்டைதான் சோகமா? மேஜர், மைனர் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

கீபோர்டு வாத்தியார், திருச்சி

மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து படிக்கிற மூன்றாம் வகுப்புப் பெண். இடது கையால் சி கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவள் அதை ஸ என்று வைத்து "ஸ ரி க" பாடி, க-வில் நிற்க வேண்டும். நான் க-வை ஒரு முறை பெரியதாகவும், இன்னொரு முறை அதற்குப் பக்கத்துக் கருப்புக் கட்டையில் சின்னதாகவும் காட்டுவேன். பெரியது மேஜர், சந்தோஷம்; சின்னது மைனர், சோகம். மாற்றி மாற்றிக் கேட்டாலும் தப்பே வராது. எனக்கும் பெருமைதான்.

அவளுக்கு சி கொஞ்சம் கீழ் என்பதால், குரல் கரகரக்காமல் இருக்க ஒரு நாள் டி-க்கு மாற்றினேன். எல்லாம் தலைகீழ். பெரிய க-வை சோகம் என்கிறாள், சின்னதை சந்தோஷம் என்கிறாள். "ஏம்மா?" என்றேன். "கருப்பு அமுக்கினாதானே சார் சோகம்?" என்றாள். டி-யில் பெரிய க கருப்பு, சின்னது வெள்ளை. இத்தனை நாளும் கட்டையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்!

இது கூடப் பரவாயில்லை. சுவரைப் பார்த்து உட்கார வைத்து மறுபடி கேட்டேன். இரண்டு க-வையும் பிசகாமல் திருப்பிப் பாடினாள். எது சோகம் என்றால் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். சுரம் காதில் விழுந்துவிட்டது, பெயர்தான் ஒட்டவில்லை. இதைக் கேட்கத் தெரிந்தது என்று எடுத்துக்கொள்வதா, இல்லையா?

ராகப்பிரியன்

சார், மைனர் என்றாலே சோகம்தான், அது இயற்கை. கீரவாணியை ஒரு தடவை இழுத்து வாசித்துப் பாருங்கள், கல்லும் கரையும். என் பையனுக்கு மேஜரை விறுவிறு என்று, மைனரை நிதானமாக வாசித்தேன், ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். நீங்கள் ஒரே வேகத்தில் வாசித்திருப்பீர்கள், அதனால்தான் குழப்பம்.

மேலூர்க்காரன்

ராகப்பிரியன் அண்ணே, உங்கள் பையன் பிடித்தது வேகத்தை. வீட்டுக்குப் போனதும் மைனரை விறுவிறு என்று வாசித்துக் கேளுங்கள், சந்தோஷம் என்பான்.

நான் வாத்தியார் இல்லை, தங்கச்சி மகளுக்கு ஆர்வத்தில் சொல்லிக்கொடுத்தவன். சின்னக் கீபோர்டில் மகுடி வாசித்தேன். புன்னாகவராளிதானே, க சின்னதுதான். "இது சோகமா பாப்பா?" என்றேன். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துப் படம் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ஆடினாள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் சின்ன க-வில் ஆட்டம் போடுகிற பாட்டு எத்தனை இருக்கிறது! சர்ச்சில் அடக்க ஆராதனைக்குப் பாடும் பாமாலைகளில் பாதிக்கு மேல் மேஜரில்தான் போகின்றன என்று என் நண்பன், அங்கே ஆர்கன் வாசிப்பவன், சொல்வான். பிறகு எது இயற்கை?

ராகப்பிரியன்

மகுடி மைனரே இல்லையே. அதில் ரி சின்னது. நான் சொன்னது மைனர்.

பாட்டு டீச்சர், மயிலாப்பூர்

ரி சின்னது என்பது சரிதான் சார். ஆனால் குழந்தைக்கு க-வைத்தான் காட்டப்போகிறோம் என்றால் மேலூர்க்காரர் சொல்வதும் நிற்கும். என் அனுபவம் வேறு விதம்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்த ஒரு பெண் கீபோர்டுக்கு வந்தாள். மேஜர் ஸ்கேலை வாசித்துக் காட்டினேன். க-வைப் பற்றி அவள் பேசவே இல்லை. "டீச்சர், ரி ஏறிப்போச்சு" என்றாள். சரளி முழுக்க மாயாமாளவகௌளை அல்லவா? அதில் க பெரியது, மேஜரில் வருவதே. ரி-யும் த-வும்தான் சின்னவை. அவள் காதுக்குப் புதிதாகப்பட்டது அவைதான். கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு வரும் பிள்ளைகளிடம் "ஸ ரி க" பாடச் சொன்னால், க-வுக்குப் போகும் முன்பே ரி-யில் இடறிவிடுவார்கள்.

அதனால் நான் ரி-யை எடுத்துவிட்டேன். ஸ, க, ப மட்டும். ஸ-வை விட்டுவிட்டு அடுத்த கட்டையிலிருந்து கருப்பையும் சேர்த்து எண்ணினால் நான்காவது கட்டை பெரிய க, மூன்றாவது சின்ன க. ஏழாவது ப, அது இரண்டுக்கும் பொது. ஒரே ஸ-வில் இரண்டையும் அடுத்தடுத்துப் பாட வேண்டும். சி மேஜர் வாசித்துவிட்டு ஏ மைனர் வாசித்தால் எல்லாம் அதே வெள்ளைக் கட்டை, ஸ மட்டும் இடம் மாறியிருக்கும். புதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் பிடிபடாது.

இன்னொன்று. சுருதிக்குத் தம்புரா ஆப் போட்டுக்கொண்டு சின்ன க-வைப் பிடிக்கச் சொன்னால் மெதுவாக மேலே ஏறிவிடுகிறார்கள். நல்ல தம்புராவில் ஸ மீட்டும்போதே உள்ளே அந்தர காந்தாரம், அதாவது பெரிய க, கேட்கும். காது அதன் பின்னாலேயே போய்விடுகிறது. கீபோர்டில் புல்லாங்குழல் டோன் வைத்து ஸ-வை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த இழுப்பு வெகுவாகக் குறைகிறது.

திருச்சி சார் கேட்டதற்கு: பாடிவிட்டாள் என்றால் கேட்டுவிட்டாள். சோகம், சந்தோஷம் என்பதை நான் சொல்லிக்கொடுப்பதே இல்லை. பெரிய க, சின்ன க, அவ்வளவுதான்.

புதுக் கீபோர்டு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அனுபவம் பெரிதாக இல்லை. மகளுக்கு மைனர் கார்டு போட்டுக் காட்டப்போய் மேஜராகவே வந்துகொண்டிருந்தது, அவளும் "அப்பா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். சரி, அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இடது கைப் பக்கம் தானாகத் தாளமும் கார்டும் வரும் வசதி இருக்கிறதல்லவா, அதில் ஒரு விரல் வைத்தால் மேஜர். மைனருக்கு காசியோவில் அந்தக் கட்டையோடு அதற்கு வலப்பக்கம் ஏதாவது ஒரு கட்டையையும் சேர்த்து அழுத்த வேண்டும். யமஹாவில் அப்படி இல்லை, இடப்பக்கத்தில் மிக அருகில் இருக்கும் கருப்புக் கட்டையைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றில் போட்டால் தப்பாகத்தான் வரும். தாளத்தை நிறுத்திவிட்டுக் கார்டு மட்டும் வைத்துக் கேளுங்கள், டிரம்ஸ் ஓடினால் எதைப் போட்டாலும் குழந்தை குஷியாகிவிடும். சத்தத்தையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அடாப்டர் கம்பெனியுடையதாகவே வாங்குங்கள்.

மேலூர்க்காரன்

அடாப்டரில் மேஜர் மைனர் உண்டா தம்பி? :) ஆனால் டிரம்ஸ் விஷயம் சரியாகச் சொன்னீர்கள். ராகப்பிரியன் அண்ணன் கவனிக்கவும்.

கீபோர்டு வாத்தியார், திருச்சி

டீச்சர் சொன்னபடி ஸ க ப மட்டும் வைத்து, புல்லாங்குழல் டோனில், சுவரைப் பார்க்க வைத்துச் செய்தேன். ஸ-வை டி, ஈ, எஃப் என்று நகர்த்திக்கொண்டே போனேன். பெரிய க, சின்ன க என்று தடுமாறாமல் சொல்கிறாள். ஈ-யில் மட்டும் சின்ன க-வை இரண்டுக்கும் நடுவில் பிடித்தாள். கூடவே கட்டையை அழுத்தினால் அதில் ஒட்டிக்கொண்டு சரியாகிவிடுகிறது, எனக்கும் தெரியாமல் போகிறது. அதனால் அவள் முதலில் நீட்டிப் பாடட்டும், பிறகுதான் கட்டை என்று வைத்துக்கொண்டேன். இரண்டும் சேராவிட்டால் சத்தம் நடுங்குவது அவளுக்கே கேட்கிறது, தானே இறங்கிவருகிறாள்.

சின்ன க எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டேன். "குறுகலா இருக்கு சார்" என்றாள்.

ஆனால் டீச்சர், அடுத்த வருடம் கிரேடு பரீட்சைக்கு அனுப்ப வேண்டும். அங்கே முழுப் பாட்டை வாசித்துவிட்டு மேஜரா மைனரா என்றுதான் கேட்பார்கள். பாட்டு ஓடும்போது ஸ எது என்று யாரும் பிடித்துக்காட்ட மாட்டார்களே. அதற்கு எப்படிப் பழக்குகிறீர்கள்?

பாட்டு டீச்சர், மயிலாப்பூர்

பாட்டு முடிந்ததும் கடைசி சுரத்தை முனகச் சொல்லுங்கள். பரீட்சைப் பாட்டுகள் அநேகமாக ஸ-வில்தான் வந்து நிற்கும். அதை ஸ என்று வைத்து, வாய்க்குள்ளேயே க-வைத் தேடட்டும். மைனர் பாட்டு கடைசிக் கார்டில் மட்டும் மேஜராக முடிவதும் உண்டு, அந்த இடத்தில் என் பிள்ளைகள் இன்னும் சறுக்குகிறார்கள்.

ராகப்பிரியன்

பையனிடம் வேகமாக வாசித்துக் கேட்டேன். சந்தோஷம் என்றான். ஆனாலும் கீரவாணி சோகம்தான், அதில் மாற்றமில்லை.