துபாய் வழியா குவைத்: நம்ம அரசு போட்ட விதி காப்பாத்துதா, கதவை அடைக்குதா?

மேலூர் தம்பி
எங்க அக்காவுக்கு 34 வயசு. எட்டாவது வரைக்கும் படிச்சது. மாமா தவறிட்டார், ரெண்டு பிள்ளைக. குவைத்துல வீட்டு வேலை, மாசம் 90 தினார்னு மதுரையில ஒரு ஏஜென்ட் சொல்றார். முதல்ல விசிட் விசாவுல துபாய், அங்கருந்து குவைத்தாம். "நேரா அனுப்ப முடியாததுக்கு நம்ம கவர்மென்ட் போட்ட ரூல்தான் காரணம்"ங்கிறார். உண்மையா? இந்த ரூலால நம்மாளுகளுக்கு நல்லதா, கெட்டதா?

பாலு, வடக்குமாசி வீதி
தம்பி, ஏஜென்ட் சொன்னதுல பாதிக்கு மேல உண்மை. நான் 18 வருசமா டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், கண்ணால பார்த்தது. 2014 வாக்குல நம்ம அரசு என்ன செஞ்சது? வீட்டு வேலைக்கு ஒரு இந்தியப் பொம்பளைய எடுக்கணும்னா முதலாளி 720 தினார் பேங்க் கேரண்டி கட்டணும்னு சொல்லுச்சு. 2,500 டாலர். பொண்ணுக்குச் சம்பளம் தராம விட்டாலோ ஊருக்கு அனுப்பாம விட்டாலோ அதுலருந்து எடுத்துக்கலாம்னு நெனப்பு. குவைத்காரன் கட்டுவானா? மத்த நாட்டுல கேரண்டி இல்லாம ஆள் கிடைக்குதுல்ல. நம்ம புள்ளைகளுக்கு வேலை போச்சு. கடைசியில 2017 செப்டம்பர்ல நம்ம அரசே அதை எடுத்துருச்சு. வேலை குடுக்குறவன் கைல விசா இருக்கு, நம்ம கைல என்ன இருக்கு? பேரம் பேசுற இடத்துல நாம இல்ல.

ரவி, திருமங்கலம்
அக்கா பாஸ்போர்ட்ல வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும்ங்கிற இ.சி.ஆர். முத்திரை இருந்தா பத்தாவது பாஸ் சர்டிபிகேட் வச்சு எடுத்துரலாமே? என் மச்சான் அப்படித்தான் எடுத்துட்டு மலேசியா போனான். பிரச்சினையே இல்ல.

மேலூர் தம்பி
அண்ணே, அக்கா எட்டாவதுதான். அதோட நான் கேட்டது பாஸ்போர்ட் பத்தி இல்ல.

அருள், ஆலம்பட்டி
ரவி தெரியாமலே முக்கியமான ஒரு ஓட்டையைத் தொட்டிருக்கிறார், அதைப் பிறகு சொல்கிறேன். நான் ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடம் ஆவணப் பிரிவில் இருந்தேன். இப்போது திரும்பி வந்தவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன்.

பாலு அண்ணன் கேரண்டி பற்றிச் சொன்னது சரி. அது எடுக்கப்பட்டதும் கதவு முழுசாகத் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும், அதுவும் 2016-லிருந்து அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே. நம் மாநிலத்தில் அது சென்னையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் ஏஜென்ட் உங்கள் அக்காவை நேராக அனுப்பவே முடியாது. அதனால்தான் துபாய். விசிட் விசாவில் போகிறவருக்குக் குடியேற்ற அனுமதி வேண்டாம், சம்பள ஒப்பந்தம் எங்கேயும் பதிவாகாது. துபாயில் இறங்கி, அங்கே குவைத்தின் 20-ஆம் பிரிவு விசா, அதாவது வீட்டுவேலை விசா, கைக்கு வந்ததும் அடுத்த விமானம். நம் அரசைப் பொறுத்தவரை அவர் சுற்றுலாப் பயணி.

சம்பளத்தையும் பாருங்கள். குவைத் 2015-இல் 68-ஆம் எண் சட்டம் கொண்டுவந்தது: ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு, வேலை விட்டுப் போகும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அடுத்த வருடம் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று அறிவித்தது. ஏஜென்ட் வாயால் சொல்லும் 90-க்கும் சட்டம் கட்டாயப்படுத்தும் 60-க்கும் நடுவில் இருக்கும் 30 தினாரை அக்கா கேட்க வேண்டுமானால், பதிவான ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். துபாய் வழியில் அது கிடைக்காது.

ஜெசி, காளையார்கோவில்
நான் அந்த வழியாத்தான் போனேன். எனக்கும் 90 தினார்னுதான் சொன்னாங்க. குவைத் வந்ததும் அரபியில ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாங்க, நான் படிக்கல, படிக்கவும் தெரியாது. மாசம் 60 குடுத்தாங்க. நாலாவது மாசத்துலருந்து அதுவும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. என் செல்போனை வீட்டு எசமானி மம்மா பீரோவுல வச்சுப் பூட்டிருவாங்க, பாஸ்போர்ட் எசமான் பாபா கைல. ஒம்பதாம் மாசம் கடைக்கு அனுப்புனப்போ டாக்ஸி புடிச்சு எம்பசிக்குப் போயிட்டேன். அங்க உள்ள அம்மா நல்லாத்தான் பேசுனாங்க, "உன் ஒப்பந்தம் எங்கம்மா?"ன்னு கேட்டாங்க. எங்கிட்ட என்ன இருக்கு? அதுக்குள்ள ஓடிப்போனதா முதலாளி கேஸ் குடுத்துட்டார். மூணு மாசம் தங்க வச்சு, பாஸ்போர்ட்டுக்குப் பதிலா எம்பசி குடுக்குற அவுட் பாஸ்ல அனுப்புனாங்க. அஞ்சு மாசச் சம்பளம் போனது போனதுதான்.

ஆனா பாலு அண்ணன் சொல்றதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அரசு வழியில பேர் குடுத்துட்டு எட்டு மாசம் காத்திருந்தேன், கூப்பிடவே இல்ல. வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறப்போ எட்டு மாசம் யாரு காத்திருப்பா? கதவை அடச்சா நாங்க சன்னல் வழியாப் போவோம்.

பாலு, வடக்குமாசி வீதி
இதைத்தான் நானும் சொல்றேன் ஜெசி. வெலைய ஏத்துனா நம்மாளுக்கு வேலை போகும், இல்லைன்னா திருட்டு வழியில போகும். 2020-ல அரசு அதைப் புரிஞ்சுக்கிட்டு வளைகுடாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தக் கொறச்சது. துபாய், கத்தார், ஓமான், பஹ்ரைனுக்கு 200 டாலர். நேபாள்காரன், வங்காளதேசக்காரனோட போட்டி போட முடிஞ்சது.

அருள், ஆலம்பட்டி
அண்ணே, அந்த 2020 விஷயம் நீங்கள் சொல்வதற்கு எதிர்ப் பக்கம் பேசுகிறது. அந்தச் சம்பளம் என்பது நம் அரசு தன் குடியேற்ற அனுமதிக்கு வைத்த நிபந்தனை: இதற்குக் கீழே சம்பளம் போட்ட ஒப்பந்தத்துக்கு அனுமதி கிடையாது. கொரோனா காலத்தில் அதை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தார்கள், நம்மாளுக்கு வேலை போகக் கூடாது என்றுதான். ஆனால் குறைத்த தொகை புதிதாகப் போகிறவனோடு நிற்குமா? ஏற்கெனவே அங்கே பத்து வருடம் உழைத்தவனைக் கூப்பிட்டு, "உன் நாடே இதுதான் உன் விலை என்று சொல்லிவிட்டது" என்று சொல்ல முதலாளிக்குக் கையில் ஒரு தாள் கிடைத்தது. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். 2021 ஜூலையில் அரசு பழைய தொகையையே திரும்பக் கொண்டுவந்தது. பேரத்தில் முதலில் விலையை இறக்கியவன் நாமேதான், எதிராளி கேட்கக்கூட இல்லை.

போட்டி நாடுகள் பற்றிய உங்கள் கவலை நியாயம். அதற்கு வழி நாம் தனியாக இறங்குவதல்ல, எல்லோரும் சேர்ந்து ஒரே குறைந்தபட்சச் சம்பளம் வைப்பது. 2003-லிருந்து கொழும்புச் செயல்முறை என்று ஆள் அனுப்பும் ஆசிய நாடுகள் கூடிப் பேசுகின்றன. இந்தியா, நேபாளம், வங்காளதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் எல்லாம் அதில் உண்டு. பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் மற்றவன் ஒரு படி கீழே இறங்கிவிடுவானோ என்ற பயம்.

பாலு, வடக்குமாசி வீதி
பிலிப்பைன்ஸ்காரன் மட்டும் எப்படி சாதிச்சான்? அவன் தடை போட்டான், குவைத் இறங்கி வந்துச்சு. நாமளும் அப்படிப் போட்டா என்னங்கிறீங்களா?

அருள், ஆலம்பட்டி
அதை முழுசாகப் பார்ப்போம், ஏனென்றால் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 2018 பிப்ரவரியில் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடல், பூட்டிக் கிடந்த வீட்டில் குளிர்பெட்டிக்குள் கிடைத்தது. அவர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் தூதரக ஆட்கள் பணிப்பெண்களை வீட்டிலிருந்து மீட்கும் காட்சி வெளியானதும், பிலிப்பைன்ஸ் தூதரையே குவைத் வெளியேற்றியது. அவ்வளவு முறுகிய பிறகு, மே 11-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது, கைபேசி பெண்ணிடமே இருக்க வேண்டும், சம்பளம் வங்கியில். பிலிப்பைன்ஸ் தன் பெண்களுக்கு முன்பே வைத்திருந்த குறைந்தபட்சச் சம்பளம் 400 டாலர், அதாவது ஏறக்குறைய 120 தினார். குவைத் சட்டம் சொன்னதைப் போல இரண்டு மடங்கு.

இதோடு நின்றால் வெற்றிக்கதை. ஆனால் 2023 ஜனவரியில் இன்னொரு பெண் கொல்லப்பட்டு உடல் பாலைவனத்தில் கிடந்தது, கொன்றது முதலாளியின் 17 வயது மகன். மறுபடி பிலிப்பைன்ஸ் நிறுத்தியது. இந்த முறை மே மாதம் குவைத் பதிலுக்கு எந்தப் பிலிப்பைன்ஸ்காரருக்கும் புது விசா இல்லை என்று நிறுத்தியது. ஓராண்டுக்கு மேல், 2024 ஜூன் வரை. நர்ஸ், ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கூட அதில் மாட்டினார்.

அவர்களுக்குப் பேரம் பேசக் கைகொடுத்தது வெறும் தடை அல்ல. வேலைக்காரரைப் பாதுகாக்கும் நாட்டுக்கு மட்டுமே ஆள் அனுப்பலாம் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. பட்டதாரியாக இருந்தாலும் ஒப்பந்தம் சரிபார்க்கப்பட்டுத்தான் விமானம் ஏற முடியும். நம் 1983 சட்டம் அப்படியில்லை. ரவி சொன்ன ஓட்டை இதுதான்: பத்தாவது படித்துவிட்டால் அந்தச் சோதனையே கிடையாது. அதே குவைத், அதே வீட்டு வேலை, அதே பூட்டு. பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துத்தான் நம் பாதுகாப்பு வருகிறது, வேலையைப் பார்த்து அல்ல.

ரவி, திருமங்கலம்
அப்போ என் மச்சானுக்கு ஏதாவது ஆனா யாரும் கேட்க மாட்டாங்களா?

அருள், ஆலம்பட்டி
தூதரகம் கேட்கும். ஆனால் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருந்தால் கேட்பது எளிது. இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

ஜெசி, காளையார்கோவில்
அருள் அண்ணே, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஏறல. 30 வயசு ஆகணும், அரசு வழியாத்தான் போகணும்னு பொம்பளைக்கு மட்டும் சட்டம். அதே ஊருக்கு ஆம்பளைன்னா ஏஜென்ட் வழியாப் போகலாம். பாதுகாப்புங்கிற பேர்ல எங்க காலைத்தானே கட்டியிருக்காங்க?

அருள், ஆலம்பட்டி
உங்கள் கேள்வி சரியானது, என்னிடம் முழுப் பதில் இல்லை. வயது வரம்பை எடுத்தால் 19 வயதுப் பிள்ளைகள் போய் மாட்டும் என்று நான் பயப்படுகிறேன். வைத்திருந்தால் நீங்கள் போன வழியில்தான் போகிறார்கள். அரசு வழியை எட்டு மாதமாக இல்லாமல் எட்டு வாரமாக ஆக்கினால் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பது மட்டும் உறுதி.

தம்பி, ஏஜென்டிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். டிக்கெட் எந்த ஊருக்கு? அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் என்ன? தினாரும் முதலாளி பெயரும் போட்ட ஒப்பந்தம் கிளம்பும் முன் கைக்கு வருமா? பதிவுள்ள ஏஜென்டே 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது. உங்களிடம் எவ்வளவு கேட்டார்?

மேலூர் தம்பி
1,20,000 கேட்டார் அண்ணே. 20,000 அட்வான்ஸ் குடுத்தாச்சு, ரசீது இல்ல. இன்னைக்குப் போய் பதிவு எண் கேட்டேன், "அதெல்லாம் உனக்கெதுக்கு, டிக்கெட் வந்துருச்சு"ன்னு மதுரை-துபாய் டிக்கெட்டக் காட்டுறார். 14-ஆம் தேதி.

பாலு, வடக்குமாசி வீதி
தம்பி, நான் அரசை இன்னும் திட்டத்தான் செய்வேன். ஆனா அந்த டிக்கெட்ல அக்காவ ஏத்தாத. நாளைக்குக் கடைக்கு வா, அட்வான்ஸ திரும்ப வாங்க நானும் உன்கூட வர்றேன்.

ஜெசி, காளையார்கோவில்
அக்கா நம்பர எனக்குத் தனியா அனுப்பு தம்பி. நான் பேசுறேன். சென்னை ஆபீஸ்ல பேர் குடுக்க என்னென்ன தாள் வேணும்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.