கூகுள் சேமிப்பிடம் 98% நிறைந்துவிட்டது. 600 படங்களை அழித்தும் அளவு குறையவில்லை

கார்முகில்:
வணக்கம். சேமிப்பிடம் 98 விழுக்காடு நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை நேற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. முழுவதும் நிறைந்துவிட்டால் மின்னஞ்சல் அனுப்பவும் பெறவும் இயலாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. வேலை தொடர்பான கடிதம் ஒன்றுக்காக நான் காத்திருக்கும் வாரம் இது. நேற்று இரவு உட்கார்ந்து ஏறக்குறைய 600 படங்களை அழித்தேன். காலையில் பார்த்தால் அதே 98 தான் காட்டுகிறது. எதைக் காப்புப் பிரதியில் வைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

கணக்கர்:
இங்கே பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்பக் கேட்கும் விவரங்களைத்தான் நீங்களும் விட்டுவிட்டீர்கள். ஆண்ட்ராய்டா, ஐபோனா? படங்களை எந்தச் செயலியில் அழித்தீர்கள்? 15 ஜிபியில் எதற்கு எவ்வளவு போகிறது என்று `one.google.com/storage` பக்கத்தில் பார்த்தீர்களா? இவற்றைச் சொல்லாமல் உதவி கேட்டால் ஊகம்தான் கிடைக்கும். என் ஊகம் இது: நீங்கள் படங்களை மூலத் தரத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டோரேஜ் சேவர் தரத்துக்கு மாற்றுங்கள், பாதி இடம் திரும்பக் கிடைக்கும்.

நிலவன்07:
அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கூகுள் போட்டோஸில் மேலே உள்ள உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் "Free up space" என்று இருக்கும். அதை அழுத்தினால் ஏற்கெனவே காப்பெடுத்த படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நீங்கிவிடும். எனக்கு ஒரே அழுத்தில் 9 ஜிபி கிடைத்தது.

இளவேனில்:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஆனால் நான் ஐபோன் வைத்திருக்கிறேன். ஐகிளவுடில் இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டுமே. அதில் வாட்ஸ்அப் தானே எடுக்கும் காப்பு ஒன்றும், கைப்பேசி முழுவதற்கும் எடுக்கும் காப்புக்குள் வாட்ஸ்அப் இன்னொரு முறையும் உட்கார்ந்திருந்தன. கைப்பேசிக் காப்பின் பட்டியலில் வாட்ஸ்அப்பை மட்டும் அணைத்த பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. உங்களுக்கும் ஏதாவது இரண்டு முறை ஏறுகிறதா என்று பாருங்கள்.

கார்முகில்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு கைப்பேசி. படங்களைக் கூகுள் போட்டோஸ் செயலியில்தான் அழித்தேன். அந்தப் பக்கத்தில் போட்டோஸ் 8.6 ஜிபி, மின்னஞ்சல் 1.3, டிரைவ் 0.6 என்று காட்டுகிறது. வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப் பக்கத்தில் 4.2 ஜிபி என்று இருக்கிறது. நிலவன் சொன்னதைத் திறந்து பார்த்தேன். 6 ஜிபிக்கு மேல் கிடைக்கும் என்று சொல்கிறது. அழுத்திவிடலாமா?

தாமரைக்குளம்:
அழுத்தாதீர்கள், கார்முகில். அங்கே காட்டும் 6 ஜிபி உங்கள் கைப்பேசியின் உள்நினைவகத்தில் கிடைக்கும் இடம். அது கூகுள் கணக்கில் ஒரு எம்பியைக்கூடக் குறைக்காது. அதை அழுத்தினால் கைப்பேசியில் உள்ள பிரதிகள் நீங்கி, நிறைந்து வழியும் அந்தக் கணக்கில் உள்ள பிரதி மட்டுமே எஞ்சும். அதன் பிறகு இடத்துக்காக அங்கே எதையாவது அழித்தால் திரும்பப் பெற வேறு பிரதி இருக்காது. நிலவனுக்கு 9 ஜிபி கிடைத்தது உண்மைதான். ஆனால் அவருடைய சிக்கல் கைப்பேசி நிறைந்தது, உங்களுடையது கணக்கு நிறைந்தது.

நேற்று அழித்த 600 படங்கள் இன்னும் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் இருக்கின்றன. காப்பெடுக்கப்பட்ட படங்கள் அங்கே 60 நாள்கள் கிடக்கும். அதுவரை அவை கணக்கில் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். தொட்டியைக் காலி செய்தால் இடம் குறையும். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். போட்டோஸ் செயலியில் அழித்தது கணக்கிலிருந்து மட்டும் அழிந்ததாக நீங்கள் நினைத்திருக்கலாம். அது கைப்பேசியிலிருந்தும் போய்விட்டது. ஆகவே தொட்டியைத் திறந்து, வேண்டிய படம் ஏதாவது தவறிப் போயிருந்தால் மீட்டுவிட்டு, பிறகு காலி செய்யுங்கள்.

இளவேனில் ஐபோனைப் பற்றிச் சொன்னாலும், தொட்ட இடம் சரியானது. உங்கள் 8.6 ஜிபியில் ஒரு பகுதியும் அந்த 4.2 ஜிபியில் ஒரு பகுதியும் ஒரே படங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். போட்டோஸில் ஏதாவது ஒரு பழைய வாழ்த்துப் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளி, கோப்பின் பெயரைப் பாருங்கள். `IMG-20230814-WA0012.jpg` என்பதைப் போல நடுவில் WA வந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்த படம். அத்தகைய படங்கள் போட்டோஸில் ஏறியிருந்தால், ஒரே படத்துக்கு இரண்டு இடத்தில் இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்பு முன்பு 15 ஜிபிக் கணக்கில் சேராமல் இருந்தது. 2024 தொடக்கத்திலிருந்து படிப்படியாக அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பலருக்கும் திடீரென்று இடம் நிறைந்ததற்கு அதுவே காரணம்.

கார்முகில்:
பார்த்தேன். திறந்த பத்துப் படங்களில் ஏழில் WA இருக்கிறது. அப்படியானால் எந்தப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்?

கணக்கர்:
இதற்குத்தான் சொன்னேன், தரத்தைக் குறையுங்கள் என்று. ஸ்டோரேஜ் சேவரில் எல்லாப் படங்களும் சற்றுச் சுருக்கப்படும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை 16 ஆகக் குறையும்; 16 மெகாபிக்சல் படத்தைக் கொண்டு 24க்கு 16 அங்குல அளவில்கூட நன்றாக அச்சிடலாம். வீட்டுப் படங்களுக்கு அதற்கு மேல் தேவைப்படும் என்று சொல்பவர்கள் அச்சிட்டுப் பார்த்ததில்லை.

பொன்வண்டு:
நான் அச்சிட்டுப் பார்த்தவள், கணக்கரே. படங்களில் வேறுபாடு தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காணொளிகளின் நிலை வேறு. 4கே தரத்தில் எடுத்த காணொளி 1080பி ஆகச் சுருங்கிவிடுகிறது. என் தந்தை கடைசியாகப் பேசிய காணொளியின் மூலக் கோப்பு கைப்பேசியோடு போய்விட்டது. கணக்கில் இருந்த சுருக்கிய பிரதிதான் இப்போது என்னிடம் இருக்கிறது. பெரிய திரையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அமைப்பை ஏன் மாற்றினேன் என்று வருந்துகிறேன். இதைக் கேட்டவுடன் எல்லாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

கணக்கர்:
உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அது மூலக் கோப்பை வேறிடத்தில் வைக்காததால் வந்த இழப்பு, அமைப்பின் குறை அன்று. இடம் இல்லாமல் காப்பே நின்றுபோவதைவிடச் சுருக்கிய பிரதி இருப்பது மேல் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பொன்வண்டு:
சுருக்கிய பிரதி இருக்கிறது என்ற நிம்மதியில்தான் மூலக் கோப்பை வேறிடத்தில் வைக்காமல் விட்டேன். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தாமரைக்குளம்:
இந்த விவாதத்தில் இருவரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கார்முகிலுக்கு இது அதிகம் உதவாது. தரத்தை மாற்றினால் இனி ஏறுபவை மட்டுமே சுருங்கும். ஏற்கெனவே ஏறியவற்றைச் சுருக்க `photos.google.com/settings` பக்கத்தில் தனியாக ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்தபின் பழைய தரத்துக்குத் திரும்ப முடியாது. மேலும் வாட்ஸ்அப் படங்கள் அனுப்பும்போதே சுருக்கப்பட்டவை. ஏற்கெனவே பிழிந்த துணியை மீண்டும் பிழிந்தால் எவ்வளவு நீர் வந்துவிடும்?

கார்முகில், நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். போட்டோஸின் அமைப்புகளில் காப்புப் பகுதிக்குள் கைப்பேசிக் கோப்புறைகளின் பட்டியல் இருக்கும். அதில் கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் படங்கள், வாட்ஸ்அப் வீடியோ, திரைப்பிடிப்புகள், பதிவிறக்கங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். கேமராவில் எடுத்ததற்கு நீங்கள்தான் மூலம். அது போனால் வேறு யாரிடமும் கேட்க முடியாது. வாட்ஸ்அப்பில் வந்ததற்குக் குறைந்தது அனுப்பியவர் என்று ஒருவர் இருக்கிறார். பதிவிறக்கங்களைப் பெரும்பாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வாட்ஸ்அப் பக்கம். சாட் பேக்கப் பக்கத்தின் அடியில் வீடியோக்களையும் சேர்ப்பதற்கான பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டு உடனே ஒரு முறை காப்பெடுங்கள். புதிய காப்பு பழையதன் இடத்தில் எழுதப்படுவதால் அளவு அப்போதே இறங்கும். கைப்பேசியில் உள்ள வீடியோக்கள் அப்படியே இருக்கும். ஆனால் புதிய கைப்பேசிக்கு மாறி இந்தக் காப்பிலிருந்து மீட்டால் அவை வராது. வேண்டியவற்றை இப்போதே கணினிக்கு எடுத்து வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கோப்புறையை அணைப்பது இனி ஏறாமல் தடுக்கும், ஏறியதை இறக்காது. முன்பே ஏறிய WA படங்களை நீங்கள் கையால்தான் அழிக்க வேண்டும். அப்படி அழித்தால் கைப்பேசியிலும் போகும், உரையாடலைத் திறந்தால் அந்தப் படமும் இருக்காது. எனவே இந்த வாரம் அதில் கை வைக்காதீர்கள். தொட்டியும் வீடியோவும் தரும் இடமே மின்னஞ்சலைக் காப்பாற்றப் போதும்.

நிலவன்07:
நான் சொன்னது தவறான இடம் என்று இப்போதுதான் புரிகிறது. மன்னியுங்கள், கார்முகில். என் பழைய படங்கள் எல்லாம் கணக்கில் மட்டும்தான் இருக்கின்றன போலும். இன்றே கணினிக்கு இறக்குகிறேன். மின்னஞ்சல் பக்கம் உதவும் என்றால், தேடல் பெட்டியில் இதை இட்டால் பெரிய இணைப்புகள் வரும்:

```
has:attachment larger:10M
```

அவற்றை அழித்த பிறகு அங்கேயும் குப்பைத்தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் 30 நாள்கள் கிடக்கும்.

இளவேனில்:
தாமரைக்குளம் அவர்களே, எனக்கு ஒரு சந்தேகம். ஐபோனின் முழுக் காப்பில் வாட்ஸ்அப்பை அணைத்துவிட்டேன். வாட்ஸ்அப் தானே எடுக்கும் காப்பு மட்டும் இருக்கிறது. கைப்பேசி தொலைந்தால் இது ஒன்றே போதுமா?

தாமரைக்குளம்:
உரையாடல்களைத் திரும்பப் பெற அது போதும். ஆனால் அதே தொலைபேசி எண்ணும் அதே ஐகிளவுட் கணக்கும் உங்களிடம் இருக்க வேண்டும். கடைசியாக எந்தத் தேதியில் காப்பெடுத்தது என்பதை அவ்வப்போது பாருங்கள். இடம் போதாதபோது புதிய காப்பு முடியாமல், பழைய தேதியே அங்கே நின்றுகொண்டிருக்கும்.

கார்முகில்:
தொட்டியில் நான் நீக்க விரும்பாத 40 படங்கள் இருந்தன, மீட்டுவிட்டேன். அதைக் காலி செய்ததில் 1 ஜிபி கிடைத்தது. வீடியோவை அணைத்து எடுத்த வாட்ஸ்அப் காப்பு 1.5 ஜிபியாக இறங்கியிருக்கிறது. கணக்கு உடனே மாறவில்லை. இன்று காலை 73 விழுக்காடு காட்டுகிறது. கடிதமும் வந்துவிட்டது. WA படங்களை விடுமுறையில் பார்க்கிறேன். அனைவருக்கும் நன்றி.

கணக்கர்:
எல்லாம் சரி, கேமரா காணொளிகளை எந்தத் தரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?