வேஃபரின் ஆயுட்காலம் 1 மில்லி செகண்ட் என்கிறார்கள், எனக்கு 9 மைக்ரோ செகண்டில் விழுகிறது. ஏன்?

கயல்விழி:
வணக்கம். என்-டைப் சிலிக்கானில் ஒளியை நிறுத்திய பிறகு கடத்துதிறன் எப்படி இறங்குகிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். வேஃபர் 300 மைக்ரான் தடிமன், மின்தடை எண் சுமார் 5 ஓம் செ.மீ. அதில் 2 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இரு முனையிலும் கான்டாக்ட் வைத்து, 1 மில்லி ஆம்பியர் நிலையான மின்னோட்டம் செலுத்துகிறேன். 940 நானோமீட்டர் எல்இடி. கான்டாக்ட் இருக்கும் முனைகளை மறைத்திருக்கிறேன்.

வெளிச்சம் பட்டதும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைகிறது. எல்இடியை அணைத்ததும் முதல் ஓரிரு மைக்ரோ செகண்டில் சிக்னல் செங்குத்தாக இறங்குகிறது. அப்புறம் மடக்கை அச்சில் நல்ல நேர்கோடு, அதன் சாய்விலிருந்து 9 மைக்ரோ செகண்ட் வருகிறது. கடைசியில் 3 சதவீத அளவில் ஒரு வால், சில நூறு மைக்ரோ செகண்ட் வரை இழுக்கிறது. வேஃபருடன் வந்த தாளில் ஆயுட்காலம் 1 மில்லி செகண்டுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. நூறு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பழைய ஸ்கோப்:
முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். எல்இடி நிஜமாகவே எவ்வளவு நேரத்தில் அணைகிறது? வேஃபரை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேகமான போட்டோடையோடு ஒன்றை வைத்துப் பாருங்கள். ஸ்கோப் ஏசி கப்ளிங்கில் இருந்தால் அடிக்கோடு நகர்ந்து வாலின் உருவமே மாறிவிடும். உங்கள் பட்டையின் மின்தடை 670 ஓம் அளவில் இருக்கும். கேபிளின் கெபாசிடன்ஸ் 200 பிக்கோ ஃபாரட் என்று வைத்தாலும் 0.13 மைக்ரோ செகண்ட்தான், அதனால் அது காரணமில்லை.

கயல்விழி:
டிசி கப்ளிங்தான் சார். போட்டோடையோடில் எல்இடி 0.3 மைக்ரோ செகண்டுக்குள் அணைந்துவிடுகிறது.

முகிலன்:
வெளிச்சம் அதிகம், அதுதான் பிரச்சினை. ஊர்திகள் நிறைய உருவானால் ஓஷே மறுஇணைவு தலைதூக்கும், ஆயுட்காலம் சரியும். முதலில் வேகமாக விழுவதே அதற்குச் சாட்சி. எல்இடி கரண்ட்டைக் குறையுங்கள்.

சோலார் தம்பி:
எனக்கும் இதே தலைவலி. நான் சோலார் செல்லில் ஒளியை நிறுத்தி, திறந்த சுற்று வோல்ட்டேஜ் எப்படி விழுகிறது என்று பார்க்கிறேன். எனக்கு எக்ஸ்பொனென்ஷியலே வரவில்லை, நேர்கோடாக இறங்குகிறது. உங்களுக்கு வளைவு வருகிறது என்றால் உங்கள் கான்டாக்ட் சரியில்லை என்று நினைக்கிறேன்.

ரேவதி:
தம்பி, நீங்கள் பார்ப்பது வேறு அளவீடு. செல்லில் வோல்ட்டேஜ் என்பது ஊர்திச் செறிவின் மடக்கை. செறிவு எக்ஸ்பொனென்ஷியலாக விழுந்தால் வோல்ட்டேஜ் நேர்கோடாகத்தான் விழும். அறை வெப்பநிலையில் சுமார் 26 மில்லிவோல்ட் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதுதான் ஆயுட்காலம். கயலின் பட்டையில் சந்தி இல்லை, சிக்னல் செறிவோடு நேராகவே போகிறது. வளைவு வருவதுதான் சரி.

முகிலன் சொல்லும் ஓஷே கதை அதிக செறிவில் உண்மை. ஆனால் இங்கே செறிவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 ஓம் செ.மீ. என்றால் இருட்டில் எலக்ட்ரான்கள் கன செ.மீ.க்கு ஏறக்குறைய 10^15. ஒளி தருவது ஜோடிகளாக, அதாவது எலக்ட்ரானும் துளையும் சம எண்ணிக்கையில். இரண்டும் கடத்தும்.

```
Δσ/σ = Δp(μn + μp) / (n0 μn)
0.02 = Δp × 1800 / (10^15 × 1350)
Δp ≈ 1.5 × 10^13
```

பெரும்பான்மையில் 1.5 சதவீதம்தான் இது. ஓஷே எட்டிப் பார்க்கக்கூட இடமில்லை. எல்இடியைக் குறைத்தாலும் சாய்வு 9 மைக்ரோ செகண்டிலேயே நிற்கும்.

உண்மையான காரணம் மேற்பரப்பு. வெட்டி எடுத்து அப்படியே வைத்த சிலிக்கானின் இரு முகத்திலும் பிணைப்பில்லாத அணுக்கள் ஏராளம். துளை அங்கே போய்ச் சேர்ந்தால் உடனே முடிந்துவிடும். அப்போது ஆயுளைத் தீர்மானிப்பது வேஃபரின் உள்பகுதி இல்லை, துளை பரவி முகத்தை அடைய எடுக்கும் நேரம்.

```
1/τeff = 1/τbulk + 1/τs
τs ≈ W/(2S) + W²/(π²D)
```

D துளைகளுக்கு சுமார் 12 செ.மீ.²/செ. W = 0.03 செ.மீ. போட்டால் இரண்டாவது உறுப்பு மட்டும் 7.6 மைக்ரோ செகண்ட். மேற்பரப்பு மறுஇணைவு வேகம் S எவ்வளவு மோசமானாலும் இதற்குக் கீழே போகாது. மீதி 1.4 மைக்ரோ செகண்டிலிருந்து S = 10,000 செ.மீ./செ. வருகிறது. அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தடிமனில் 5 சதவீதம் பிசகினாலே அது பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறிவிடும். உள்பகுதி 1 மில்லி செகண்டா 10 மில்லி செகண்டா என்பது 9 மைக்ரோ செகண்டில் ஒரு சதவீத வித்தியாசம்கூடத் தராது. ஆக, தாளில் இருப்பதும் சரியாக இருக்கலாம், உங்கள் அளவீடும் சரி.

முதல் செங்குத்து வீழ்ச்சியும் இதே கதைதான். ஒளி நிற்கும் நொடியில் துளைகள் ஒளி பட்ட முகத்துக்குப் பக்கத்தில் அதிகம். அந்தப் பரவல் தடிமன் முழுக்கச் சமநிலைக்கு வரும்வரை வேகமான கூறுகள் கலந்திருக்கும், அவற்றில் மெதுவானதே நான்கு மடங்கு வேகம். சாய்வை 5 மைக்ரோ செகண்டுக்குப் பிறகு எடுங்கள்.

முகிலன்:
சரி மேடம், கணக்கு புரிகிறது. ஆனால் இதை நிரூபிப்பது எப்படி? 9 என்ற ஒரு எண்ணை வைத்து மேற்பரப்பு என்று எப்படி முடிவு செய்வது?

ரேவதி:
நியாயமான கேள்வி. அதே இங்காட்டிலிருந்து வேறு தடிமன் துண்டு கிடைத்தால் போதும். 600 மைக்ரான் துண்டில் பரவல் நேரம் நான்கு மடங்காகி 30 மைக்ரோ செகண்டைத் தாண்ட வேண்டும். உள்பகுதிதான் காரணம் என்றால் 9-லேயே நிற்கும். இன்னொரு வழி, முகத்தைப் பாசிவேட் செய்து அளப்பது. அயோடின்-எத்தனால் கரைசல் பலரும் பயன்படுத்துவது. ஆனால் அதற்கு முன் இயற்கை ஆக்சைடை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் எடுக்க வேண்டும். அது உயிருக்கே ஆபத்தான அமிலம். பயிற்சியும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் இல்லாத இடத்தில் தொடக்கூடாது.

பாசிவேட் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். தொடர்ந்து ஒளி படும்போது செறிவு Gτ. ஆயுட்காலம் நூறு மடங்கானால் அதே எல்இடியில் செறிவும் நூறு மடங்காகி, பெரும்பான்மையையே தாண்டிவிடும். அப்போது முதல் பகுதி ஒற்றை எக்ஸ்பொனென்ஷியலாக இருக்காது. அந்த இடத்தில் முகிலன் சொன்னபடி எல்இடியைக் குறைக்கத்தான் வேண்டும். பல்ஸும் 5 மில்லி செகண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் செறிவு நிலைக்கு வராது.

கயல்விழி:
600 மைக்ரான் துண்டு கிடைத்தது மேடம். 33 மைக்ரோ செகண்ட். ஆனால் வால் அப்படியே இருக்கிறது.

பழைய ஸ்கோப்:
மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுங்கள். கடத்துதிறன் சிக்னல் குறி மாறும். கான்டாக்ட்டில் எழும் ஒளிவோல்ட்டேஜ் மாறாது. இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் அது ஒழிந்துவிடும்.

கயல்விழி:
செய்தேன் சார். வால் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மீதிப் பாதி போகவில்லை.

ரேவதி:
மீதி, துளைகளைப் பிடித்து மெதுவாக விடுகிற ட்ராப்பாக இருக்கலாம். பிடிபட்ட துளை நகராது, ஆனால் அதற்கு ஈடான எலக்ட்ரான் கடத்திக்கொண்டே இருக்கும். அதனால் சிக்னல் நீளும். மெல்லிய நிலையான வெளிச்சம் ஒன்றைக் கூடவே போட்டுப் பாருங்கள். ட்ராப்கள் நிரம்பிவிட்டால் வால் அடங்கும். 70 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அடங்க வேண்டும்.

கயல்விழி:
பின்புல வெளிச்சத்தில் கொஞ்சம் குறைகிறது, முழுசாகப் போகவில்லை. சூடாக்கும் மேடை இன்னும் அமையவில்லை. 33-க்கான சாய்வை வாலைக் கழித்து எடுக்கவா, கழிக்காமலா?

ரேவதி:
அந்த வால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கழிக்காதீர்கள். சிக்னல் தொடக்க அளவில் 60-லிருந்து 20 சதவீதம் வரை இருக்கும் பகுதியை மட்டும் பொருத்துங்கள், வாலின் தாக்கம் அங்கே குறைவு. கழித்தால் எவ்வளவு மாறுகிறது என்பதையும் பிழை வரம்பாக அதன் பக்கத்திலேயே போடுங்கள்.